கேப்பை மாவுப் பையில் ஒரு சூலம்

நுவரெலியாக் கண்காட்சியில் ஒரு மாவுப் பையைப் பார்த்து தேயிலைத் தோட்டத்து மேற்பார்வையாளரான ஒரு கண்டாக்கையா சிரித்தாராம். தலவாக்கலைக்கு அந்தச் செய்தி மீன்காரர் வழியாக வந்து சேர்ந்தது. மீன்காரருக்குச் சொன்னவர் ராகலை பஸ்ஸில் டிக்கட் கிழிப்பவர். அவருக்கு யார் சொன்னார்கள் என்று தெரியாது.

"சிரிச்சா நல்லதுதானே" என்றாள் றோசலின், கீரி மீனைப் புரட்டிப் பார்த்துக்கொண்டே.

"நல்ல சிரிப்பு இல்லியாம் அக்கா. பையைத் தூக்கி வெளிச்சத்துல பிடிச்சுப் பார்த்தாராம். 'இந்தக் காடு எங்க காடாச்சே'ன்னாராம். பெறகு பையை வாங்கிட்டே போயிட்டாராம்."

வீட்டின் முன்னறைதான் அவள் கணவர் கஸ்பரின் கடை. பழைய பெயர்ப்பலகை ஒன்றுக்கு வெள்ளை அடித்துக்கொண்டிருந்தார். தூரிகை நின்றது. அந்தப் பையின் படம் அவர் வரைந்தது. றோசலின் திரும்பிப் பார்த்தாள். கணவர் முகத்தைப் பார்த்ததும் மீன்காரரிடம் பேரம் பேசுவதை விட்டுவிட்டாள். அவள் பேரத்தைப் பாதியில் விட்டு யாரும் அதற்கு முன் பார்த்ததில்லை.

கஸ்பர் டயகமப் பக்கத்துத் தோட்டமொன்றில் பிறந்தவர். தகப்பன் செபஸ்தியாம்பிள்ளை தேயிலைத் தொழிற்சாலையில் பெட்டிக்கு மார்க் போடுகிறவர். தகரத்தில் எழுத்தை வெட்டி, பெட்டிமேல் வைத்து, கறுப்பு மையைத் துணிப்பந்தால் ஒற்றி எடுக்கும் வேலை. தோட்டத்தின் பெயர், தேயிலையின் தரம், நிறை என்று எல்லாம் அந்தத் தகரத்தின் வழியாகத்தான் லண்டனுக்குப் போயின. தகரம் வெட்டுகிறவனுக்கு ஒரு பாடம் உண்டு. 'ஓ' என்ற ஆங்கில எழுத்தை முழு வட்டமாக வெட்டினால் நடுத்துண்டு கழன்று விழுந்துவிடும். இரண்டு இடத்தில் வெட்டாமல் பாலம் விடவேண்டும். கஸ்பர் எழுதப் படித்தது மிஷன் பள்ளிக்கூடத்தில். ஆனால் எழுத்தைப் பார்க்கப் படித்தது அந்தத் தகரத்தில்தான். எதை விட்டால் எது விழும் என்பது அவருக்குச் சின்ன வயதிலேயே கைவந்திருந்தது.

பிறகு தலவாக்கலைக்கு வந்தார். கடைப் பலகைகள், லொறிக் கதவுகள், கோயில் தூண்கள், மாதா கோயில் சிலுவைப்பாதைப் படங்கள் என்று எல்லாம் அவர் கைதான். ஊரார் அவரை மாஸ்டர் என்பார்கள். சிங்களம் மட்டும் என்று சட்டம் வந்த வருடத்தில் அவருக்கு வேலை கூடியது. பழைய பலகைகளை எல்லாம் மறுபடி எழுத வேண்டியிருந்தது. தாமே எழுதிய தமிழ் எழுத்துகளின் மேல் தாமே வெள்ளை அடித்து, மேலே சிங்களத்தைப் பெரிதாகவும் கீழே தமிழைச் சிறிதாகவும் எழுதினார். ஐம்பத்தெட்டுக் கலவரத்தில் அந்தச் சிறிய தமிழுக்கும் யாரோ தார் பூசினார்கள். அவர் தாரைச் சுரண்டினார். றோசலின் வேண்டாம் என்றாள். அவர் மிச்சத்தையும் சுரண்டினார்.

பிரஜாவுரிமைக்கு மனுப் போட்டு, அது நிராகரிக்கப்பட்டு, மறுபடி போட்டு, அதுவும் நிராகரிக்கப்பட்டவர். இந்த நாட்டில் பிறந்ததற்கு அவரிடம் இருந்த ஒரே சாட்சி ஞானஸ்நானப் பதிவு. தகப்பன் பிறந்ததற்கும் சாட்சி கேட்டார்கள். தகப்பன் பிறந்ததைப் பார்த்தவர்கள் எல்லாம் தேயிலைச் செடிக்கு அடியில் போய்விட்டார்கள் என்று சொல்லிச் சிரிப்பார். கேட்பவர்களுக்குச் சிரிப்பு வராது.

மாவுப் பை வேலை அவருக்கு வந்தது போன வருடக் கடைசியில்.

ராகலையிலிருந்து வலப்பனைப் பக்கம் சரியும் மலையில் குரக்கன் நன்றாக விளையும். மேலே குளிர், கீழே இறங்க இறங்க வெயில். அங்கே உள்ள கிராமத்துக்காரர்களும், தோட்டத்து ஓரங்களில் கொத்திப் பயிர்வைக்கும், வரிசை வீடுகளில் குடியிருக்கும் லயத்துக்காரர்கள் சிலரும் சேர்ந்து ஒரு உற்பத்தியாளர் சங்கம் வைத்திருந்தார்கள். குரக்கன் என்று கிராமத்தார் சொல்வதையே லயத்தில் கேப்பை என்பார்கள். சங்கத்தின் செயலாளர் லோரன்ஸ் முன்பு ஆசிரியராக இருந்தவர். இப்போது ராகலையில் சங்கத்து மாவு மில்லைப் பார்த்துக்கொள்கிறார். பிரஜாவுரிமை இல்லாததால் லயத்துக்காரர்களின் பெயரை உறுப்பினர்களாக எழுத முடியாது. அவர்களுடைய தானியம் வேறொருவர் பெயரில் சங்கத்துக்குள் வரும். இது எல்லாருக்கும் தெரிந்த இரகசியம்.

கப்பலில் வரும் கோதுமை மா மலிவாகக் கிடைத்த காலம். கேப்பை மாவு சாக்கில் கிடந்து வண்டு வைத்தது. "நகரத்துச் சனம் சாக்குல கைவிட்டு அள்ளிக் குடுக்கிறதை வாங்காது. பையில போட்டு, மேல படம் போட்டுக் குடுத்தா வாங்கும்" என்று லோரன்ஸ் சங்கத்தாரை ஒப்புக்கொள்ள வைத்தார். குரக்கன் மா, தினை, சாமை என்று மூன்றுக்கும் ஒரே படம். பெயர் மட்டும் மாறும்.

கஸ்பர் முதலில் வரைந்து கொண்டுபோனது தாமரையில் உட்கார்ந்த ஒரு பெண். பின்னால் உதிக்கும் சூரியன், ஒரு பசுமாடு. லோரன்ஸ் அதைத் தள்ளிப் பிடித்துப் பார்த்தார்.

"மாஸ்டர், இது மாவுப் பையா, கலண்டரா?"

"கலண்டர்தான் சேர் விக்குது."

"விக்கட்டும். இதை வாங்குறவன் உள்ள இருக்கிற மாவையும் நம்ப மாட்டான். கலப்படக்காரன் எல்லாம் லெச்சுமியைத்தான் போடுறான். எங்களுக்கு உள்ளது உள்ளபடி வேணும். பழுப்புத் தாள், கறுப்பு மை, ஒரு வயல், வயல்ல ஒரு ஆள். நீங்க நேர்ல போய்ப் பார்த்து வரைங்க. பார்க்கிறவனுக்கு மண் வாசம் அடிக்கணும்."

உள்ளது உள்ளபடி என்ற சொல் கஸ்பருக்குப் பிடித்துப்போயிற்று. அவர் வாழ்நாள் முழுவதும் இல்லாததை வரைந்தவர். சிலுவைப்பாதையில் வரும் எருசலேமை அவர் பார்த்ததில்லை. லொறிக் கதவில் எழுதும் சிங்கத்தையும் பார்த்ததில்லை.

பழுப்புத் தாள் வாங்கி வந்து மைகளை ஒவ்வொன்றாகத் தொட்டு வைத்துப் பார்த்தார். மஞ்சள் காணாமல் போயிற்று. நீலம் சேறாகியது. கறுப்பும் சிவப்பும் மட்டும் நின்றன. அந்தத் தாள் சொரசொரப்பானது, மையைக் குடிக்கும். கோடுகளை நெருக்கிப் போட்டால் அச்சில் ஒன்றோடொன்று ஒட்டி அடைத்துவிடும். ஆகவே கோடு தடிப்பாக, இடைவெளி அகலமாக இருக்கவேண்டும். இதெல்லாம் தகரத்தின் பாடம்தான். சாயல் போடுவது, பூசி மெழுகுவது ஒன்றும் செல்லாது. கோடு இருக்கிறது அல்லது இல்லை.

மாசி மாதத்து வெயிலில் லோரன்ஸ் அவரை அம்மாக்கண்ணுவின் கேப்பைக் கொல்லைக்கு அனுப்பினார்.

அம்மாக்கண்ணு அங்கே ஒரு தோட்டத்தின் கீழ்க் கணக்குப் பிரிவில் கொழுந்து பறிப்பவள். அவள் புருசன் சோலைமலைக்குத் தொழிற்சாலை ரோலரில் கை போயிருந்தது. வேலைப் பதிவில் பெயர் வெட்டப்பட்டு வீட்டில் கிடந்தான். தோட்டத்தின் எல்லையில், தோட்ட நிர்வாகியான துரையின் கணக்கில் 'காடு' என்று எழுதியிருந்த சரிவில், ஒரு பாறைக்குப் பின்னால் அவள் கொஞ்சம் இடத்தை வெட்டிக் கேப்பை போட்டிருந்தாள். காலையில் மணி அடித்துப் பேர் கூப்பிடும் பெரட்டுக்குப் போகும் முன்னும், வேலை விட்டு வந்த பின்னும்தான் அங்கே வேலை. அந்தக் கேப்பை இல்லாவிட்டால் அந்த வீட்டில் ஒருவர் சம்பளத்துக்கு உண்டான அரிசியை எல்லாரும் பங்கிட வேண்டும்.

கஸ்பர் பெட்டியைத் திறந்து பென்சிலை எடுத்ததும் அவள் முந்தானையை இழுத்து முகத்தை மறைத்துக்கொண்டாள்.

"மாஸ்டரய்யா, என் மூஞ்சியப் போட்டுராதீங்க சாமி. கண்டாக்கையா ஒரு கண்ணுல பார்த்தாலே போதும், பேரைச் சொல்லிருவாரு."

"மூஞ்சி போடலம்மா. நீ அந்தப் பக்கம் திரும்பி அறு. முதுகுதான் வரும்."

"முதுகப் பார்த்தும் கண்டுபிடிப்பாரு. இருபது வருசமா அவரு பார்க்கிறது எங்க முதுகைத்தானே."

கஸ்பர் சிரித்துவிட்டார். அவளும் சிரித்தாள். பிறகு தலைக்குத் துணியை இறக்கிக் கட்டிக்கொண்டு, இடது கையால் கதிரைப் பிடித்து வலது கையில் இருந்த சின்னக் கத்தியால் அறுக்கத் தொடங்கினாள். கொழுந்துக்கூடை இல்லை, இடுப்பில் சுற்றும் படங்குச் சாக்கு இல்லை. பார்க்கிறவனுக்கு அவள் தோட்டத்துப் பெண் என்றே தோன்றாது. கஸ்பர் அதைக் கவனித்துத் திருப்திப்பட்டார். மூடிய கைவிரல்கள் போல மடங்கிய கதிர்களை ஒவ்வொன்றாக வரைந்தார். அவள் முகம் வரவேண்டிய இடத்தை நிழலாகக் கறுப்பில் விட்டார். பின்னால் பாறை. பாறைக்கு அப்பால் மலை.

கிளம்பும்போது அவள்தான் கேட்டாள்.

"எங்க சாமியப் போட்டீங்களா?"

பாறையின் அடியில் குங்குமம் பூசிய ஒரு கல்லும் அதன் பக்கத்தில் ஒரு சூலமும் இருந்தன. தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டப் போகும் காலத்தில் கும்பிடும் கவ்வாத்துச் சாமி. முதல் கதிரை அங்கே வைத்துவிட்டுத்தான் அவள் மற்றதை அறுப்பாள். சூலம் கடையில் வாங்கியதல்ல. மூன்று கவ்வாத்துக் கத்திகளைப் பிடி கழற்றி, ஒரு இரும்புக் கம்பியில் ஆணி அடித்துச் சேர்த்திருந்தார்கள். நடுக்கத்தி நிமிர்ந்து நிற்க, பக்கத்துக் கத்திகள் இரண்டும் தம் வளைவோடு வெளியே திரும்பியிருந்தன. கை போவதற்கு முந்திய வருடம் சோலைமலை செய்தது.

"போடணுமா? நான் வேதக்காரனாச்சே" என்றார் கஸ்பர் விளையாட்டாக.

"உங்க சாமி கோவிச்சுக்காது. இது நிக்கிற எடத்துலதான் வெளையுது. அதப் போடாம கொல்லையப் போட்டா பொய்யில்லியா? என் மூஞ்சிதான் வேணாம். சாமி மூஞ்சிக்கு என்ன பயம்?"

அது அவருக்கு நியாயமாகப் பட்டது. உள்ளது உள்ளபடி. மூன்று வளைந்த கோடுகள், ஒரு நேர்கோடு. வரைந்துவிட்டு அவளுக்குக் காட்டினார். அவள் காகிதத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

வீட்டில் வைத்துத் தடித்த அட்டையில், பையின் அளவைவிட ஒன்றரை மடங்கு பெரிதாக, இந்தியன் மையில் படத்தை முடித்தார். அச்சுக்குச் சுருக்கும்போது கையின் பிசிறு மறையும் என்பதற்காக அப்படிச் செய்வது. கறுப்புக்கு ஒரு அட்டை, சிவப்புக்கு ஒரு அட்டை. சிவப்பில் தானியத்தின் பெயரும், 'ஒரு இறாத்தல்' என்பதும், குங்குமம் பூசிய சாமிக்காக அந்தச் சூலமும் மட்டும் இருந்தன. கண்டியில் ஒரு அச்சகம் அதைத் துத்தநாகக் கட்டையாக்கிப் பைகளை அடிக்க ஒப்புக்கொண்டது. கண்காட்சிக்காக முதலில் கொஞ்சம் பைகளைக் கையால் ஒற்றி அனுப்பியது. ஏப்ரல் மாதத்தில் வெள்ளைக்காரரும் கொழும்புப் பெரிய மனிதரும் நுவரெலியாவுக்கு வருவார்கள்; பூக்களுக்கும் குதிரைகளுக்கும் நடுவில் சங்கத்துக்கு ஒரு சின்ன மேசை கிடைத்திருந்தது.

பைகள் உண்மையிலேயே நன்றாக இருந்தன. அந்நிய நாட்டுக் கடையொன்றில் இன்று அப்படி ஒரு பையைப் பார்த்தாலும் கை தானாக நீளும். பழுப்புத் தாளின் நிறமே மண்ணின் நிறமாக நின்றது. வாயை இரண்டு மடிப்பாக மடித்து நூலால் தைத்திருந்தார்கள். றோசலின் ஒரு பையைப் பிரிக்காமலேயே அலமாரியில், மாதா சுரூபத்துக்குப் பக்கத்தில் வைத்திருந்தாள்.

மீன்காரர் வந்துபோனதற்கு மறுநாள் காலை, கண்டாக்கு கணேசமூர்த்தி கஸ்பரின் கடைக்கு வந்தார். முழங்கால்வரை இழுத்த கால்மேசு, அரைக் காற்சட்டை, தலையில் தொப்பி. கையில் ஒரு மாவுப் பை.

"நல்லா வரைஞ்சிருக்கீங்க மாஸ்டர்" என்றார் உட்காராமல். "கதிர் கதிராவே இருக்கு. அம்மாக்கண்ணுவோட முதுகும் அவ முதுகாவே இருக்கு."

"யாருங்க அம்மாக்கண்ணு?"

கண்டாக்கையா சிரிக்கவில்லை. பையின் மூலையில் விரலை வைத்தார்.

"முதுகுக்குச் சாட்சி இல்லை, விடுங்க. பாறைக்கும் சாட்சி இல்லை. இந்த மலை முழுக்கப் பாறைதான். இதுக்கு என்ன சொல்றீங்க? கவ்வாத்துக் கத்தி மூணு. ஸ்டோர்ல கொறையுதுன்னு பழைய துரைக்கு நான்தான் பதில் சொன்னவன். காட்டுல எங்கியோ விழுந்துருச்சுன்னு சொன்னேன். இந்த மாதிரிச் சூலம் சிலோன்ல ஒண்ணுதான் மாஸ்டர் இருக்கு. அது நிக்கிற எடத்துல கேப்பை வெளையுதுன்னு படம் போட்டு, மேல வெலையும் போட்டு விக்கிறீங்க."

கஸ்பர் எழுந்து கதவைச் சாத்தினார். றோசலின் உள்ளறையில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

"உங்களுக்கு முன்னாலயே தெரியுமுங்களா?" என்றார் கஸ்பர்.

"தெரியாம என்ன? மாசி மாசத்துல ஒரு மரக்கால் கேப்பை எங்க வீட்டுக்கும் வருது. என் சம்சாரம் அதுல களி கிண்டுது. நான் திங்கிறேன். பழைய துரையா இருந்தா நான் வாயைத் தொறந்திருக்க மாட்டேன். இப்ப வந்திருக்கிற புதுத் துரை எல்லையை அளக்க ஆள் கொண்டாந்திருக்காரு. கேப்பை அறுத்து முடிஞ்ச பெறகு நடந்த கவ்வாத்துச் சாமி பூசைக்கு நேர்ல வந்து தேங்காய் உடைச்சவரு. சூலத்தைக் கையில எடுத்துப் பார்த்து, யாரு செஞ்சதுன்னு கேட்டாரு. மறக்குற ஆள் இல்லை அவரு."

"அவரு எங்க மாவுப் பையைப் பார்க்கப் போறாரு?"

"பங்களாவுல சமைக்கிற அப்பு ராகலைக் கடையிலதான் சாமான் வாங்குறான். துரைசாணிக்குக் குரக்கன் ரொட்டி மேல ஆசை. பை பங்களாவுக்குள்ள போன அன்னிக்கு, துரை என்னைக் கூப்பிட்டு, 'கண்டாக்கு, உனக்குத் தெரியுமா'ன்னு கேப்பாரு. தெரியாதுன்னா நான் வேலைக்கு லாயக்கில்லை. தெரியும்னா நான் களவுக்குக் கூட்டு. அதனால பை கடைக்கு வந்தா அன்னிக்கே நானே போய்ச் சொல்லிருவேன். ஒளிச்சுப் பேசல, உங்ககிட்டச் சொல்லிட்டுத்தான் செய்றேன்."

"சொன்னா அவளை என்ன செய்வாங்க?"

"பத்துச் சீட்டுத்தான்."

பத்துச் சீட்டு என்றால் வேலையும் போகும், லயத்து அறையும் போகும். லயத்து அறை போனால் விலாசம் போகும். அம்மாக்கண்ணுவின் பிரஜாவுரிமை மனு அந்த விலாசத்தில்தான் கிடக்கிறது. கை இல்லாத புருசனோடு அவள் எங்கே போய் நிற்பாள் என்று கஸ்பருக்குத் தெரியும். அப்படி நின்றவர்களை ஹட்டன் ஸ்டேசனில் பார்த்திருக்கிறார்.

"கண்காட்சிப் பைகள் எல்லாம் வித்துப் போச்சு, அதை வாங்கினவன் எல்லாம் கொழும்புக்காரன்" என்றார் கண்டாக்கு, தொப்பியைச் சரிசெய்துகொண்டு. "இனி அடிக்கிற பையில இந்த மூணு கோடு இல்லேன்னா, நான் எதையும் பார்க்கல. அவ்வளவுதான்."

அவர் போனபின் றோசலின் வெளியே வந்தாள். அலமாரியிலிருந்த பையை எடுத்துச் சூலத்தைப் பார்த்தாள். மாதா சுரூபத்துக்குப் பக்கத்தில் இத்தனை நாள் இருந்தும் அவள் அதைக் கவனித்ததில்லை.

"இந்தாங்க, எழுத்துல பாலம் விடணும், பாலம் விடணும்னு ஊருக்கெல்லாம் சொல்லுவீங்களே. இதுல மட்டும் ஏன் ஒண்ணையும் விடாம வரைஞ்சீங்க?"

கஸ்பர் தூரிகையைக் கழுவி வைத்தார். சட்டையை மாட்டிக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்தார்.

அது சித்திரை வருடப்பிறப்புக்கு முந்தின நாள். நுவரெலியாவில் இறங்கி ராகலை பஸ்ஸுக்கு நின்றபோது சனம் துணிப் பொட்டலங்களோடு நெருக்கித் தள்ளியது. ராகலைக்கு வந்து சேரும்போது பின்நேரம் ஆகிவிட்டது.

மில்லில் மாவு குவிந்து கிடந்தது. அரைத்த மா சூடு ஆறட்டும் என்று பாயில் பரப்பியிருந்தார்கள். சூட்டோடு பையில் போட்டால் உள்ளே வேர்த்துப் பூஞ்சணம் பிடிக்கும். அந்த ஊர் மூடுபனியில் சொல்லவே வேண்டாம். லோரன்ஸின் புருவமெல்லாம் மாவு. கஸ்பர் சொன்னதை முழுக்கக் கேட்டார். பாய் ஓரத்தில் இன்னொருவரும் கேட்டுக்கொண்டிருந்தது கஸ்பருக்குப் பிறகுதான் தெரிந்தது. அம்மாக்கண்ணு தன் கடைசிச் சாக்குக் கேப்பையை அரைக்கக் கொண்டுவந்திருந்தாள். அவள் எழுந்திருக்கவில்லை. கையில் அள்ளிய மாவைத் திரும்பப் பாயில் போட்டாள்.

"கட்டை கண்டியில இருக்கு மாஸ்டர்" என்றார் லோரன்ஸ். "கறுப்பு நேத்தே அடிச்சிருப்பாங்க. அது காஞ்சபெறகு இன்னிக்குச் சிவப்பு. அடிச்சு முடிச்சுட்டு வருசப்பிறப்புக்குப் பூட்டிருவாங்க. பூட்டுறதுக்கு முன்ன லொறியில ஏத்துறதாப் பேச்சு."

"சூலம் சிவப்புக் கட்டையிலதான் இருக்கு. தனியா, மூலையில. உளியால ஒரு நிமிசத்துல செதுக்கி எடுத்துரலாம். சேர்க்கத்தான் முடியாது, எடுக்க முடியும்."

"அடிக்கிறதுக்கு முன்னன்னா எடுக்கலாம். அடிச்ச பெறகு?"

"அடிச்ச பெறகு அந்தப் பையை எல்லாம்..."

"ஒரு பையைக்கூட எரிக்க மாட்டேன்" என்றார் லோரன்ஸ். குரல் உயரவில்லை. "நூத்துச்சொச்சம் குடும்பம் தானியம் கொண்டாந்து போட்டிருக்கு. சங்கத்துல இருந்த காசெல்லாம் பை அடிக்கவே போயிருச்சு. இந்த மா மழைக்கு முன்ன போகல்லேன்னா எல்லாம் வண்டு. அடுத்த வருசம் ஒருத்தனும் கேப்பை போட மாட்டான். கப்பல் மாவை வாங்கித் தின்னுட்டுச் சங்கத்தைப் பூட்டிட்டுப் போவான்."

"மேல ஒரு துண்டுக் காகிதம் ஒட்டலாமே சேர்?"

"ஒட்டுப் போட்ட மாவுப் பையை எந்தக் கடைக்காரன் வாங்குவான்? உள்ள என்னத்தையோ கலந்து மறைக்கிறான்னு சொல்லுவான். நான் கேட்டதே உள்ளது உள்ளபடி. நீங்க குடுத்ததும் அதேதான். யாரைக் குத்தம் சொல்ல?"

அம்மாக்கண்ணு அப்போதுதான் வாயைத் திறந்தாள்.

"நான்தான் சாமியப் போடச் சொன்னேன். மூஞ்சியத்தான் பயந்தேன். எழவு, கத்திக்கு மூஞ்சி இருக்கும்னு யாரு கண்டா?"

 லோரன்ஸ் கையைத் துடைத்தார். "போன் பண்ணுவோம், வாங்க. சிவப்பு ஏறுறதுக்கு முன்ன பிடிச்சுட்டா எல்லாம் தப்பிச்சுது."

தபாற்கந்தோரை அன்று நேரத்தோடே பூட்டுவார்கள். கதவைச் சாத்தப்போன தபால் அதிபர், லோரன்ஸுக்குத் தெரிந்த சிங்களவர், முகத்தைப் பார்த்துவிட்டு மறுபடி உள்ளே போய் உட்கார்ந்தார். கண்டிக்கு ட்ரங்க் கோல் பதிந்தார்கள். லைன் கிடைக்க நேரமெடுத்தது. அதற்குள் கஸ்பர் ஒரு தந்திப் பாரத்தின் பின்பக்கத்தில், சொல்லவேண்டியதைப் படமாகவே வரைந்து வைத்துக்கொண்டார். போனில் படத்தைக் காட்ட முடியாது என்பது அவருக்குத் தெரியும். ஆனாலும் கை சும்மா இருக்கவில்லை. சிவப்புக் கட்டை, மேல் மூலை, மூன்று வளைவு, ஒரு கம்பி. அதன்மேல் குறுக்கே ஒரு கோடு.

அம்மாக்கண்ணு உள்ளே வரவில்லை. வாசற்படியில், கால்சட்டைக்காரர்களுக்கு வழிவிட்டு ஓரமாக, மாவு ஒட்டிய கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மூடுபனி தெருவுக்கு இறங்கிவிட்டது. எதிர்க் கடையில் வருடப்பிறப்புக்குப் பலகாரம் சுடும் எண்ணெய் வாசம் வந்தது.

லைன் கிடைத்தது. தபால் அதிபர் குழாயைக் கஸ்பரிடம் நீட்டினார். கஸ்பர் காதில் வைத்தார். மணி போய்க்கொண்டிருந்தது.

அந்த அச்சகத்தை அவர் பார்த்திருக்கிறார். அட்டைகளைக் கொடுக்கப் போயிருந்தபோது பார்த்தது. போன் முன்னறையில் மேசைமேல் இருக்கும். மெஷின் பின்கட்டில். மெஷின் நிற்கும்போது முன்னறையில் ஊசி விழுந்தாலும் கேட்கும். ஓடும்போது பக்கத்தில் நின்று கத்தினாலும் கேட்காது. நின்றிருந்தால் யாராவது எடுத்திருப்பார்கள். ஓடிக்கொண்டிருந்தால் சிவப்பு ஏறிக்கொண்டிருக்கும். பூட்டிவிட்டுப் போயிருந்தால் லொறி கிளம்பியிருக்கும். இரண்டில் எது என்று மணியைக் கேட்டுக்கொண்டே யோசித்தார். பூட்டியிருக்கக் கூடாது என்று வேண்டிக்கொள்ளத் தொடங்கி, பிறகு ஓடிக்கொண்டிருக்கவும் கூடாது என்று வேண்டிக்கொண்டார்.

"கவுருத் கன்னே நே, மாத்தயா" என்றார் தபால் அதிபர் மெதுவாக. யாரும் எடுக்கவில்லை என்று அவர் சொல்லித்தான் தெரியவேண்டும் என்பதில்லை. ஆனால் இணைப்பை வெட்டவில்லை. லோரன்ஸ் ஜன்னலுக்குத் திரும்பி நின்றுகொண்டார்.

வாசற்படியிலிருந்து அம்மாக்கண்ணு எட்டிப் பார்த்தாள்.

"பேசிட்டாங்களா மாஸ்டரய்யா?"

"இல்லம்மா. மணி அடிக்குது."

"அடிக்குதா?" அவள் முகம் சற்றுத் தெளிந்தது. "அப்ப வந்துருவாங்க. பெரட்டுக்கு மணி அடிச்சா வராம இருக்க முடியுமா?"

கஸ்பர் குழாயை இன்னும் அழுத்திக் காதில் வைத்துக்கொண்டார். கண்டியில் மணி அடித்துக்கொண்டே இருந்தது.